போனில் பேசியாச்சே, மெயில் எதற்கு?

தமிழ்ப் பதிப்பகங்களில் மொழிபெயர்ப்பு வேலை பெரும்பாலும் போனிலேயே பேசி முடிந்துவிடுகிறது. “நீங்களே பண்ணுங்க சார், வார்த்தைக்கு இவ்வளவு, புத்தகக் காட்சிக்குள்ள வந்துடணும்” என்பார் பதிப்பாசிரியர். “சரிங்க, பண்ணிடலாம்” என்பார் மொழிபெயர்ப்பாளர். பேசியதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடலாமே என்று நான் சொல்லும்போதெல்லாம் மூன்று பதில்கள் வருகின்றன. நமக்குள்ளே எழுத்து எதற்கு, எழுதிக் கேட்டால் ஆளைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடும் என்பது முதலாவது. பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காத வெறும் மெயில் எங்கே செல்லும் என்பது இரண்டாவது. மொழிபெயர்ப்பு படைப்பு வேலை, அதை அளந்து எழுத முடியாது என்பது மூன்றாவது. நல்ல மனிதர்கள், பல ஆண்டுகள் இத்துறையில் உழைத்தவர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். ஆனாலும் மூன்றும் தவறு. மூன்றுக்குமான விலையைப் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் அந்த மொழிபெயர்ப்பாளரே கொடுக்கிறார் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பேச்சு செல்லாது என்பது என் வாதம் அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று வேறொரு சட்டம் கேட்காதவரை, வாயால் பேசிய ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. போனில் சொன்ன சொல் சட்டப்படி கட்டுப்படுத்தும். ஆனால் எந்தச் சொல்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே போன் பேச்சிலிருந்து இரண்டு பேர் இரண்டு ஒப்பந்தங்களோடு எழுந்து போகிறார்கள். இருவரும் யோக்கியர்கள். இருவருக்கும் தாங்கள் நினைப்பதே பேசியது என்ற உறுதி இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பணம் தரும் வேளையில்தான் அது இரண்டாக இருந்தது என்று தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 60,000 சொற்கள் கொண்ட ஒரு வரலாற்று நூல். “வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய்” என்று போனில் பேசி முடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் மனதில் ஓடுவது 60,000 பெருக்கல் ஒன்றரை, அதாவது 90,000 ரூபாய். வேலை முடிந்து தமிழ்ப் பிரதி வந்ததும் பதிப்பகத்தின் கணக்காளர் வேர்டு கோப்பைத் திறந்து சொற்களை எண்ணுகிறார். 44,000 வருகிறது. அவர் எழுதும் தொகை 66,000. இடையில் 24,000 ரூபாய் காணாமல் போகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா என்று போனில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வரும் இடத்தில் நமக்கு ‘வீட்டில்’ என்ற ஒரு சொல் போதும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, துணைவினை வினையோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் தமிழ்ப் பிரதியின் சொற்கணக்கு மூலத்தைவிடக் கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதும் நிலையாக இருப்பதில்லை. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று சேர்த்து எழுதுபவருக்கு அது ஒரு சொல். ‘வந்து கொண்டு இருக்கிறான்’ என்று பிரித்து எழுதுபவருக்கு மூன்று. சேர்த்து எழுதுவதைப் பதிப்பகத்தின் நடைமுறையாக வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லுக்குக் காசு கொடுத்தால், விதியை ஒழுங்காகப் பின்பற்றுபவருக்குக் கூலி குறைகிறது. ஆகவே மூலத்தின் சொற்கணக்கை அடிப்படையாக வைப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். அது வேலை தொடங்கும் முன்பே தெரிந்த எண், யார் எப்படி எழுதினாலும் மாறாது. தமிழ்க் கணக்கே வேண்டும் என்று பதிப்பகம் நினைத்தால் அதுவும் அவர்கள் உரிமைதான். அப்படியானால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதற்கேற்ற விலையைக் கேட்டுக்கொள்வார்.

இப்போது சந்தேகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில் சந்தேகத்துக்கு எங்கே இடம் இருக்கிறது? “ஆங்கிலச் சொற்கணக்குப்படி 90,000 ரூபாய் என்று புரிந்துகொண்டேன்” என்று அன்று மாலையே ஒரு வரி போயிருந்தால், “இல்லைங்க, நாங்க தமிழ்ல எண்ணித்தான் கொடுப்போம்” என்று மறுநாள் காலையில் பதில் வந்திருக்கும். அப்போது இருவரும் பேரம் பேசலாம், விலையை மாற்றலாம், ஒத்துவராவிட்டால் வணக்கம் சொல்லிப் பிரியலாம். யாருக்கும் நட்டமில்லை. அதே கேள்வி 44,000 சொற்களை எழுதி முடித்த பிறகு எழும்போதுதான் அது சந்தேகமாகவும் மனக்கசப்பாகவும் ஆகிறது. எழுதாமல் விட்டதால் முறிந்த நட்புகளைப் பதிப்புத் துறையில் இருப்பவர்கள் யாரும் அறிவார்கள். இத்தனைக்கும் நாமே சொந்தக்காரர் வீட்டில் குடியேறினாலும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. மூன்று மாத உழைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது மட்டும் எப்படி அவமானமாகிறது?

அவமானம் என்ற இந்தப் பேச்சுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. எழுதிக் கேட்கத் தயங்குவது எப்போதும் பலம் குறைந்தவர்தான். புதிதாக மொழிபெயர்க்க வரும் ஒருவர், ஒரு மூத்த பதிப்பாளரிடம் “இதை மெயிலில் போட்டுவிடுங்கள் சார்” என்று கேட்டால் அடுத்த புத்தகம் வராமல் போகுமோ என்று பயப்படுகிறார். ஆகையால் இந்த மெயிலை எழுத வேண்டியவர் வேலை கொடுப்பவர் என்பது என் உறுதியான கருத்து. அவர் எழுதினால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. அவர் எழுதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அதையே தன் பக்கத்திலிருந்து எழுதலாம்: “நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று. அதில் குறை காண யாருக்கும் இடமில்லை.

படைப்பு வேலையை அளக்க முடியாது என்பதுதான் மூன்றிலும் வலுவான எதிர்வாதம். ஒரு வாக்கியம் தமிழில் உயிரோடு இருக்கிறதா என்பதை எந்த மெயிலும் தீர்மானிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சண்டைகள் அந்த உயிரைப் பற்றி வருவதில்லை. “திருத்தம்” என்ற பெயரில் வருகின்றன. பதிப்பாசிரியர் திருத்தம் என்னும்போது தனக்குத் திருப்தி வரும்வரை என்று நினைக்கிறார். மொழிபெயர்ப்பாளர் தான் விட்ட பிழைகளை என்று நினைக்கிறார். நான்காவது முறை கோப்பு திரும்பி வரும்போது ஒருவர் பொறுமை இழக்கிறார், மற்றவர் “இவருக்கு ஒத்துழைப்பே இல்லை” என்று முடிவுக்கு வருகிறார்.

உண்மையில் திருத்தம் மூன்று வகை. மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் பிழை ஒன்று: விட்டுப்போன வரி, மாறிப்போன பொருள், தவறான ஆண்டு. இதை மொழிபெயர்ப்பாளர் எத்தனை முறையானாலும் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். அடுத்தது பதிப்பகத்தின் நடை: ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது, சந்தி எங்கே போடுவது, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பவை. இதற்கு ஒரு சுற்று போதும். விதிகளை முன்பே கொடுத்துவிட்டால் அதுவும் குறையும். மூன்றாவது, பதிப்பகம் மனம் மாறுவது: மூலநூலின் புதிய பதிப்பு வந்துவிட்டது, அதன் நீண்ட முன்னுரையையும் சேர்த்துவிடுங்கள் என்பது போல. இது திருத்தமே அல்ல, புது வேலை. அதற்கு அதே விலையில் தனிக் கணக்கு.

உயிரைப் பற்றிய கேள்விக்கும் வழி இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மாதிரி அத்தியாயத்தைச் செய்யச் சொல்லி, அதற்கும் கூலி கொடுத்து, இருவரும் உட்கார்ந்து படித்துப் பேசி, “இந்த மாதிரியின் நடையிலேயே முழு நூலும்” என்று எழுதிக்கொள்ளலாம். தரத்தை வர்ணிக்க முடியாவிட்டாலும் சுட்டிக்காட்ட முடியும். பின்னால் பதினோராவது அத்தியாயம் சரியில்லை என்று தோன்றினால், மாதிரியையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். பேச்சு ரசனையிலிருந்து பிரதிக்கு நகரும்.

பணம் எப்போது என்பதில்தான் மிகப் பெரிய அநியாயம் நடக்கிறது. “புத்தகம் வந்ததும் செட்டில் பண்ணிடலாம்” என்ற ஒரு வாக்கியம் எத்தனை மொழிபெயர்ப்பாளர்களை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்திருக்கிறது! மொழிபெயர்ப்பாளர் பிரதியைக் கொடுத்துவிட்டார், அவர் பங்கு முடிந்தது. புத்தகம் எப்போது வரும் என்பது காகித விலை, அட்டை ஓவியர், அச்சகத்தின் வரிசை, ஜனவரிப் புத்தகக் காட்சி என்று எதன் மீதெல்லாமோ தொங்குகிறது. அவற்றில் எதுவும் அவர் கையில் இல்லை. சில புத்தகங்கள் வராமலே போகின்றன. ஒருவர் கூலியை மற்றவர் மட்டுமே நிறைவேற்றக்கூடிய ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவைப்பது எந்த நல்லெண்ணத்தாலும் நியாயமாகாது. தவணை ஒவ்வொன்றும் கூலி வாங்குபவர் செய்யும் ஒரு செயலுக்குப் பின் இத்தனை நாள் என்று இருக்க வேண்டும்.

சொன்னவற்றையெல்லாம் சேர்த்தால் மெயில் எவ்வளவு நீளம் வரும் என்று பயப்படுபவர்களுக்காக ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். ஜூலை மாதம் போனில் பேசிய ஒரு பதிப்பாசிரியர் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அன்றே அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி அத்தியாயம் ஏற்கெனவே முடிந்து, அதற்கான கூலியும் கொடுத்தாகிவிட்டது.

“வணக்கம் சார். இன்று காலை போனில் பேசியதை நம் இருவருக்கும் நினைவுக்காக எழுதிவைக்கிறேன். நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இதிலேயே திருத்தி அனுப்புங்கள்.

வேலை: நூலின் இரண்டாம் பதிப்பு, முன்னுரை முதல் 14ஆம் அத்தியாயம் முடிய, பின்குறிப்புகளும் சேர்த்து. சொல்லடைவும் நூற்பட்டியலும் வேண்டாம். பின்னட்டைக் குறிப்பை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

கட்டணம்: ஆங்கில மூலத்தின் சொற்கணக்குப்படி சொல்லுக்கு 1.50 ரூபாய். எங்கள் கணக்கில் 60,000 சொற்கள், மொத்தம் 90,000 ரூபாய். தமிழில் எத்தனை சொல் வந்தாலும் இந்தத் தொகை மாறாது. இதில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவோம். பான் எண்ணை அனுப்புங்கள்.

நீங்கள் தர வேண்டியது: யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள், அத்தியாயத்துக்கு ஒன்று. முன்னுரையும் முதல் 7 அத்தியாயங்களும் ஆகஸ்ட் 31க்குள், மீதி அக்டோபர் 15க்குள். நடை, நீங்கள் செய்து கொடுத்த மாதிரி அத்தியாயத்தின்படி.

திருத்தம்: மூலத்தோடு ஒப்பிட்டால் தெரியும் பிழைகளை எப்போது சொன்னாலும் சரிசெய்து தருவீர்கள். நடை சார்ந்த மாற்றங்களுக்கு ஒரு சுற்று. புதிதாக ஏதாவது சேர்க்கச் சொன்னால் அதே விலையில் தனியாகக் கொடுப்போம்.

பணம்: இந்த வாரம் 27,000. முதல் பகுதி வந்து 15 நாளுக்குள் 27,000. முழுப் பிரதி வந்து 30 நாளுக்குள் 36,000. நூல் வெளிவரும் தேதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு பகுதியையும் 15 நாளில் படித்துச் சொல்வோம். அதற்குள் எதுவும் எழுதாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் நாம் பேசாதது ஒன்று, நான் சேர்க்கிறேன்: எங்கள் பக்கக் காரணத்தால் நூலைக் கைவிட நேர்ந்தால், அதுவரை முடித்த பகுதிக்கு முழுக் கூலியும் தருவோம். சம்மதமா என்று சொல்லுங்கள்.

மூலநூலின் தமிழ் உரிமையை நாங்கள் வாங்கியிருக்கிறோம். உங்கள் மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை பற்றித் தனியாகக் கையெழுத்து ஒப்பந்தம் அனுப்புகிறேன். ‘சரி’ என்று பதில் போட்டதும் முதல் தவணையை அனுப்பிவிடுவேன்.”

இதைத் தட்டச்சு செய்யக் கால் மணி நேரம் ஆகும். இதில் எந்த வரி மொழிபெயர்ப்பாளரை அவமதிக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிப் பிடித்தத்தை எழுதியது ஏன் என்றால், முதல் தவணையில் 27,000 எதிர்பார்த்தவரின் கணக்கில் 24,300 விழும். சொல்லியிருக்காவிட்டால் 2,700 ரூபாயை யாரோ எடுத்துக்கொண்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். அது அவர் பெயரில் கட்டிய வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் மனத்தாங்கல் இல்லை. யூனிகோடு என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோப்பை மாற்றியில் போட்டு எடுக்கும்போது எழுத்துகள் இடம் மாறும், ஆங்கிலப் பெயர்கள் சிதையும், மெய்ப்புப் பார்ப்பவருக்கு வேலை இரட்டிப்பாகும். அதற்கு யார் பொறுப்பு என்று பின்னால் பேசுவதைவிட ஒரு சொல்லை முன்னால் எழுதுவது எளிது.

‘போனில் பேசாதது’ என்று தனியாகக் காட்டிய அந்த வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். உறுதிப்படுத்தும் மெயில் என்ற பெயரில், பேச்சில் இல்லாத நிபந்தனைகளைச் சத்தமில்லாமல் நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். “பேசியபடி” என்று தொடங்கி, பேசாத ஒன்றைப் பேசியதாக எழுதுவார்கள். எழுத்தின் மீது மொழிபெயர்ப்பாளர்களுக்குள்ள அச்சத்துக்கு இவர்களே காரணம். பேசியது எது, எழுதுகிறவரின் யோசனை எது என்று பிரித்துக் காட்டினால் மெயில் நேர்மையான பதிவாக இருக்கும். பிரிக்காவிட்டால் அது பொறி. எழுத்தை எதிர்ப்பவர்கள் இந்தப் பொறியைக் காட்டி எதிர்த்தால் நான் அவர்கள் பக்கம்.

இனி, வெறும் மெயில் செல்லாது என்ற வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் மின்னணு வடிவில் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2010ல் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில் இதைவிடத் தெளிவாகவே சொன்னது. பாக்சைட் தாது வாங்குவது பற்றி இரண்டு நிறுவனங்களும் மெயிலில் பேசி முடித்திருந்தன. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்று ஒரு தரப்பு வாதிட்டது. முக்கியமான அம்சங்கள் மெயிலில் முடிவாகிவிட்டன, ஒப்பந்தம் உருவாகிவிட்டது, முறையான பத்திரம் போடவில்லை என்பது அதைக் குலைக்காது என்றது நீதிமன்றம். கப்பல் கப்பலாகத் தாது வாங்கும் பேரத்துக்குச் செல்லும் மெயில், 90,000 ரூபாய் மொழிபெயர்ப்புக்குச் செல்லாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. நீதிமன்றத்தில் மெயிலைச் சான்றாகக் கொடுக்கும்போது மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழை இணைக்க வேண்டும் என்ற நடைமுறை உண்டு. அதனால் மெயிலை அழிக்காமல், அது வந்த கணக்கிலேயே வைத்திருப்பது நல்லது.

பதில் வராவிட்டால் என்ன? மௌனம் சம்மதம் என்பது பழமொழிக்குச் சரி, ஒப்பந்தத்துக்குச் சரியாகாது. அதனால்தான் ‘சரி’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, அதன் பிறகே முன்பணம் என்று எழுதியிருக்கிறேன். பதிலே இல்லாமல் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டால், அந்த நடத்தையே ஏற்பாகும் என்று வாதிட ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாதத்துக்கு விடுவானேன்? வாட்ஸாப்பில் “மெயில் பார்த்தீங்களா சார்” என்று ஒரு முறை கேட்டுவிடலாம். வாட்ஸாப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அங்கே விலை ஒரு குரல்பதிவில் இருக்கும், தேதி மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் இருக்கும், இடையில் தீபாவளி வாழ்த்தும் குடும்பப் படங்களும் இருக்கும். கடைசியாக முடிவானது எது என்று யாராலும் ஒரே இடத்தில் காட்ட முடியாது.

பணத் தவணையை எழுதிவைப்பதால் வரும் இன்னொரு பலனைப் பலர் அறியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலையை ஏற்கும் முன்பே உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் பாதுகாப்பை அவர் கோரலாம். எழுத்தில் ஒப்புக்கொண்ட காலக்கெடு எதுவாக இருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கெடுவே பேசவில்லை என்றால் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வேலையைக் கொடுத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றதாகக் கருதுவதும் அதே சட்டத்தில் உண்டு. பதிப்பாளர்கள் இதைப் படித்தால், காலக்கெடுவை எழுதிவைப்பது தங்களுக்கும் நல்லது என்று புரிந்துகொள்வார்கள். எழுதாமல் விட்டவருக்கு 15 நாள், எழுதியவருக்கு 45 நாள் வரை.

மெயிலால் முடியாத ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு தனிப் படைப்பு. செய்தவர் பதிப்பகத்தின் ஊழியராக இல்லாதவரை அதன் முதல் உரிமையாளர் அவரே. கூலி கொடுத்ததால் மட்டும் உரிமை பதிப்பகத்துக்கு வந்துவிடாது. அதை மாற்றித்தர 19ஆம் பிரிவு எழுத்தும் உரிமையாளரின் கையெழுத்தும் கேட்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. “போனில் பேசினோமே, எல்லா உரிமையும் எங்களுக்குத்தான்” என்று நினைத்திருக்கும் பதிப்பாளரிடம் இருப்பது வெறும் நினைப்பு. மின்புத்தகமோ ஒலிநூலோ போட நினைக்கும்போதுதான் அது தெரியவரும். மேலே உள்ள மெயிலில் பதிப்புரிமையைத் தனி ஒப்பந்தத்துக்கு விட்டது அதனால்தான். இந்த ஒன்றில் மட்டும் பத்திரமும் கையெழுத்தும் வேண்டும் என்பவர்கள் சொல்வது சரி. ஆனால் உரிமை மாற்றத்துக்குத் தேவையான கையெழுத்தைக் காட்டி, கூலியையும் தேதியையும் எழுதாமல் விடுவதற்குச் சாக்குச் சொல்லக் கூடாது.

கடைசியாக, வேலை நடுவில் மாறும்போது செய்ய வேண்டியது. செப்டம்பரில் பதிப்பாசிரியர் மறுபடி போன் செய்து, “ஆசிரியர் தமிழ்ப் பதிப்புக்கென்று 4,000 சொல்லில் ஒரு பின்னுரை அனுப்பியிருக்கிறார், அதையும் பண்ணிடுங்க சார்” என்கிறார். முதல் மெயிலை ஒழுங்காக எழுதிய பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பழைய மெயிலுக்கே பதிலாக இரண்டு வரி போதும்: “பின்னுரை 4,000 சொற்கள், அதே விலையில் 6,000 ரூபாய் கூடுதல், மொத்தம் 96,000. இதற்காக இரண்டாம் பகுதியின் தேதியை அக்டோபர் 22 ஆக்கிக்கொள்கிறோம். 6,000 கடைசித் தவணையோடு வரும், அது 42,000 ஆகும்.” மொழிபெயர்ப்பாளர் ‘சரி’ என்று பதில் போடுகிறார். கணக்காளர் நவம்பரில் அந்தச் சங்கிலியைத் திறந்து பார்த்து, யாரையும் எதுவும் கேட்காமல் காசோலை எழுதுகிறார்.